கேப் கூட்ட மினிட்ஸ்: ரிஸ்க், ரோல்பேக், அனுமதி, மறுப்பு பற்றி திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

மாற்ற ஆலோசனைக் குழு என்பது முழுப்பெயர். வேலையிடத்தில் எல்லோரும் கேப் என்றுதான் சொல்கிறோம், இங்கும் அப்படியே. புரொடக்‌ஷனில், அதாவது பயனர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் சிஸ்டத்தில் கைவைக்கும் மாற்றங்களை அனுமதிப்பதா மறுப்பதா என்று வாராவாரம் முடிவு செய்யும் அந்தக் கூட்டத்துக்குச் சில வருடங்களாக மினிட்ஸ் எழுதி வருகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களும், மாற்றத்தைக் கொண்டுவந்து வெறுங்கையோடு திரும்பும் டீம்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கீழே வைத்திருக்கிறேன்.

மினிட்ஸ்ல யார் என்ன பேசினாங்கன்னு எல்லாத்தையும் எழுதணுமா?

வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து விஷயம் இருந்தால் போதும்: எந்த மாற்றம்; அதைச் செய்ய ஒதுக்கிய நேரச் சாளரம் எது; கூட்டம் ஒப்புக்கொண்ட ரிஸ்க் என்ன, ஏன்; ரோல்பேக், அதாவது பழைய நிலைக்குத் திரும்புவது, எப்படி, எவ்வளவு நேரம்; முடிவு என்ன, நிபந்தனை இருந்தால் யார் பொறுப்பு, எப்போதுக்குள். இதோடு வந்தவர்கள் பட்டியல். வராதவருக்குப் பதில் யார் வந்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், பின்னால் அதைத்தான் அதிகம் தேடுவார்கள்.

பேச்சில் ஒன்றை மட்டும் விடக் கூடாது. முடிவைத் திருப்பிய கேள்வி. அரை மணி நேர வாக்குவாதத்தில் ஒருவர், “முடிஞ்சதுக்கு அப்புறம் தப்புன்னு தெரிஞ்சா?” என்று கேட்டு அதனால் முடிவு மாறியிருந்தால், அந்த ஒரு வரியைப் பிடித்து எழுதிவிடுங்கள். மீதி அரை மணி நேரத்தை மறந்துவிடலாம்.

டிக்கெட்லயே அப்ரூவல் பட்டன் இருக்கு. அப்புறம் மினிட்ஸ் எதுக்கு?

அனுமதி கிடைத்ததா என்பது மாற்றத்துக்கான விண்ணப்பமான டிக்கெட்டில் தெரியும். எதைத் தெரிந்துகொண்டு அனுமதித்தார்கள் என்பது தெரியாது. டிக்கெட்டை அப்புறமும் திருத்தலாம், இணைப்பை மாற்றலாம், ரோல்பேக் பகுதியில் இரண்டு வரி கூட்டலாம். கூட்டம் பார்த்தது எந்தப் பதிப்பு என்பதற்கு மினிட்ஸ்தான் சாட்சி. அதனால் டிக்கெட் எண்ணோடு திட்டத்தின் பதிப்பு எண்ணையும் எழுதிவிடுவேன்.

இன்னொன்றும் உண்டு. ஒரே இரவில் இரண்டு மாற்றங்கள் மோதுகின்றன என்பது தனித்தனி டிக்கெட்டில் கண்ணில் படாது. எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும்போதுதான் படும். அப்படிப் பட்டதை எழுதும் இடமும் மினிட்ஸ்தான்.

ஸ்டாண்டர்ட், நார்மல், எமர்ஜென்சி, மூணுமே கூட்டத்துக்கு வரணுமா?

இல்லை. ஸ்டாண்டர்ட் என்பது பலமுறை செய்து பழகி, ஒருமுறை மொத்தமாக அனுமதி வாங்கிவிட்ட மாற்றம். அது வரிசையில் வராது. எமர்ஜென்சி கூட்டத்துக்குக் காத்திருக்காது, ஆனால் பின்னால் வந்தாக வேண்டும் (கீழே தனிக் கேள்வி உண்டு). கேப்பில் உட்கார்ந்து பேசுவது நார்மல் மாற்றங்களை, அதிலும் ரிஸ்க் உள்ளவற்றை. ஐடி சேவை நிர்வாகத்துக்கான வழிகாட்டியான ஐடில், 2019-ல் வந்த அதன் 4-ம் பதிப்பில், எல்லா மாற்றத்துக்கும் ஒரே குழு வேண்டும் என்று சொல்வதில்லை. மாற்றத்தின் தன்மைக்கேற்ப அனுமதிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கச் சொல்கிறது. கூட்டத்துக்கு எல்லாமே வந்து குவிந்தால், எதையுமே ஒழுங்காகப் பார்க்க முடியாது.

ரிஸ்க் “மீடியம்”னு போட்டா போதாதா? அந்த நம்பர்லாம் எதுக்கு?

தவறு நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, நடந்தால் ஏற்படும் பாதிப்புக்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்கி ஒரு எண். பல இடங்களில் வழக்கம் இதுதான், எல்லைக்கோடுகள் மட்டும் மாறும். எங்களிடம் 15-க்கு மேல் போனால் உயர்வு, 15-ம் அதில் அடக்கம். 7 முதல் 14 வரை நடுத்தரம்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. அடிக்கடி நடக்கும் ஆனால் யாரையும் தொடாத தவறுக்கு 5 × 1. அபூர்வமாக நடக்கும் ஆனால் முழு சேவையையும் சாய்க்கும் தவறுக்கு 1 × 5. இரண்டும் 5, இரண்டுக்கும் “குறைவு” என்ற ஒரே முத்திரை. ஆனால் இரண்டாவதுக்கு ரோல்பேக் இல்லாமல் யாரும் தூங்க முடியாது. ஆகவே மினிட்ஸில் பெருக்கல் விடையை மட்டும் எழுதாமல், இரண்டு எண்களையும் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் காரணம் எழுதுங்கள். டீம் கொண்டுவந்த எண்ணைக் கூட்டம் மாற்றினால் பழையதும் புதியதும் இரண்டும் இருக்கட்டும்.

நல்ல ரோல்பேக் இருந்தா ரிஸ்க் குறைஞ்சிடும்தானே?

பாதி சரி. ரோல்பேக் இருப்பதால் தவறு நடக்கும் வாய்ப்பு துளியும் குறைவதில்லை. தவறு நடந்தால் எவ்வளவு நேரம் வலிக்கும் என்பதுதான் குறைகிறது. அதாவது பாதிப்பு எண்ணை இறக்கலாம், வாய்ப்பு எண்ணைத் தொடக் கூடாது. “ரோல்பேக் இருக்கிறது, அதனால் வாய்ப்பு 3-லிருந்து 1” என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால் அதைத் திருத்தித்தான் பதிவேன். பாதிப்பை இறக்குவதற்கும், அந்த ரோல்பேக்கை ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

சும்மா தியரியா சொல்றீங்க. நிஜமா ரிஜெக்ட் ஆன ஒண்ணைக் காட்டுங்க, அந்த மினிட்ஸ் எப்படி இருந்தது?

காட்டுகிறேன், கொஞ்சம் நீளம். பரிவர்த்தனைப் பதிவுகள் விழும் ஒரு டேபிள், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில். அதை `txn_log` என்று வைத்துக்கொள்வோம். அதன் `id` காலம், அதாவது நெடுவரிசை, `integer` வகை. அந்த வகையில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647, அதாவது சுமார் 214.7 கோடி. கூட்டம் நடந்த அன்று `id` 187 கோடியைத் தொட்டிருந்தது, ஒரு நாளைக்கு 20 லட்சம் ஏறிக்கொண்டிருந்தது. மீதம் 27.7 கோடி, அப்படியானால் 138 நாள். அந்த நாள் வந்தால் புதிய பதிவு ஒன்றுகூட விழாது.

டேட்டாபேஸ் டீமின் திட்டம் ஒரே வரிதான்: காலத்தின் வகையை `bigint` ஆக்குவது. சாளரம் இரவு 01:00 முதல் 04:00 வரை. 04:30-க்கு நாள் முடிவுக் கணக்கு ஓடும் என்பதால் அதைத் தாண்ட வழியில்லை. நகலில் ஓட்டிப் பார்த்ததில் 1 மணி 50 நிமிடம் ஆனது. இந்த மாற்றம் டேபிள் முழுவதையும் புதிதாக எழுதும். அதுவரை யாரும் எழுத முடியாது, படிக்கவும் முடியாது.

ரோல்பேக் பகுதியில் “நடுவில் பிரச்சினை வந்தால் ரத்து செய்வோம், உடனே பழைய நிலைக்குத் திரும்பும்” என்று இருந்தது. அது உண்மைதான், போஸ்ட்கிரெஸில் முடியாத பரிமாற்றத்தை ரத்து செய்வது சட்டென்று நடந்துவிடும். அப்போதுதான் அப்ளிகேஷன் சப்போர்ட்டிலிருந்து வந்தவர் மேலே சொன்ன கேள்வியைக் கேட்டார்: முடிந்த பிறகு தவறு தெரிந்தால்? முடிந்த பிறகு திரும்பிப்போக மறுபடியும் அதே 1 மணி 50 நிமிடம். 01:00-க்குத் தொடங்கி 02:50-க்கு முடித்து, 20 நிமிடம் சரிபார்த்து 03:10-க்குத் தவறு தெரிந்தால், பழைய நிலை வருவது 05:00 மணிக்கு. அன்று எழுதியது இதுதான்:

> முடிவு: இந்த வடிவில் மறுக்கப்பட்டது. திருத்தித் திரும்பக் கொண்டுவரலாம்.
> ரிஸ்க்: டீம் கொடுத்தது 2 × 4 = 8, நடுத்தரம். கூட்டம் ஏற்றது 3 × 5 = 15, உயர்வு. பாதிப்பு 5 ஆனதற்குக் காரணம்: மாற்றம் நடக்கும்போது டேபிளைப் படிக்கவும் முடியாது. வாய்ப்பு 3 ஆனதற்குக் காரணம்: இந்த டேபிளைப் படிக்கும் மற்ற சிஸ்டங்கள் எவை என்ற பட்டியல் இல்லை.
> மறுப்புக்குக் காரணம்: மாற்றம் முடிந்த பின் பின்வாங்க ஆகும் 1 மணி 50 நிமிடம் சாளரத்துக்குள் அடங்கவில்லை.
> செய்யாமல் விட்டால்: இன்றைய வேகத்தில் 138 நாளில் எல்லை. அடுத்த 3 கூட்டங்களுக்குள் அனுமதி பெற வேண்டும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். மறுத்தால் மாற்றத்தின் ரிஸ்க் அன்றைக்கு இல்லாமல் போகும், மாற்றாமல் இருப்பதன் ரிஸ்க் அப்படியே இருக்கும். அதையும் எழுதாத மறுப்பு பாதி மறுப்புதான். 138 நாள் என்ற எண் இருந்ததால் இது எமர்ஜென்சி இல்லை என்பதும் அங்கேயே தெளிவானது.

“பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் பண்ணுவோம்”னு எழுதினா அது ரோல்பேக் பிளான்தானே?

அது கடைசிப் புகலிடம். ரோல்பேக் என்று எழுதியிருந்தால் உடனே இரண்டு கேள்வி கேட்பேன். எவ்வளவு நேரம் ஆகும், கடைசியாக எப்போது அளந்தீர்கள்? பேக்கப் எடுத்த பிறகு வந்த பதிவுகள் என்ன ஆகும்? முதல் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ஊகமாக இருக்கும், இரண்டாவதுக்குப் பதில் மௌனம். எழுதுவதை நிறுத்திவிட்டுச் செய்யும் மாற்றத்துக்கு ரீஸ்டோர் பொருந்தலாம், நேரத்தை அளந்திருந்தால். சேவை ஓடிக்கொண்டிருக்கும்போது பொருந்தாது. மினிட்ஸில் “ரோல்பேக் உண்டு” என்று மொட்டையாக எழுதாமல், “ரீஸ்டோர் மட்டுமே, நேரம் அளக்கப்படவில்லை” என்று உள்ளதை எழுதிவிடுங்கள். அப்படி எழுதி வாசித்துக் காட்டினால் அனுமதிக்கும் கை கொஞ்சம் தயங்கும்.

சரி, அந்த `txn_log` அப்புறம் எப்படிப் பாஸாச்சு?

இரண்டு வாரம் கழித்து அதே வேலையை மூன்று கட்டமாகப் பிரித்துக்கொண்டு வந்தார்கள். முதல் கட்டத்தில், `id_new` என்று ஒரு `bigint` காலம் சேர்ப்பது, புதிதாக விழும் பதிவுகளுக்கு டிரிகர் என்ற, தானே ஓடும் ஒரு சிறு நிரல் அதை நிரப்புவது, பழைய பதிவுகளைப் பத்தாயிரம் பத்தாயிரமாக நிரப்பிக்கொண்டே போவது. டேபிளில் இருந்தது சுமார் 60 கோடி பதிவு, அதாவது 60,000 தொகுதி. தொகுதிக்கு இடைவெளியோடு 4 விநாடி என்றால் மூன்று நாளுக்குள் முடியும். தவறு தெரிந்தால் டிரிகரையும் காலத்தையும் நீக்கினால் போதும், சில நிமிடம்.

இரண்டாம் கட்டம்தான் உண்மையான மாற்றம்: இரண்டு காலங்களின் பெயரையும் ஒரே நொடியில் மாற்றிக்கொள்வது. முதன்மைச் சாவியையும், `id`-க்குத் தானாக எண் தரும் ஏற்பாட்டையும், டிரிகரையும் மாற்றும் வரிகளை விட்டுவிட்டு எலும்பை மட்டும் காட்டுகிறேன்:

```sql
BEGIN;
SET LOCAL lock_timeout = '5s';
ALTER TABLE txn_log RENAME COLUMN id TO id_old;
ALTER TABLE txn_log RENAME COLUMN id_new TO id;
COMMIT;
```

மாறிய பிறகு டிரிகர் எதிர்த்திசையில் ஓடும். புதிய `id` மதிப்பைப் பழைய `id_old` காலத்திலும் எழுதிக்கொண்டே இருக்கும். எனவே பின்வாங்க வேண்டுமானால் பெயரை மறுபடி மாற்றினால் போதும், ஒரு பதிவும் தொலையாது. நகலில் முழு ரோல்பேக்கையும் ஓட்டி அளந்திருந்தார்கள், 10 நிமிடம். மூன்றாம் கட்டம் 14 நாள் கழித்து: பழைய காலத்தையும் டிரிகரையும் நீக்குவது, `id`-க்கு எண் தரும் சீக்வென்ஸின் எல்லையை உயர்த்துவது.

அந்த சீக்வென்ஸ் விஷயம் முதல் திட்டத்தில் இல்லவே இல்லை. `serial` என்று அறிவித்த காலத்துக்கு போஸ்ட்கிரெஸ் 10 முதல் சீக்வென்ஸும் `integer` ஆகத்தான் உருவாகும், அதன் உச்சமும் அதே 2,147,483,647. காலத்தை மட்டும் `bigint` ஆக்கியிருந்தால், எல்லா ரிஸ்கையும் தாங்கிக்கொண்டு வேலையை முடித்த பிறகும் அதே நாளில் அதே இடத்தில் நின்றிருக்கும். முதல் தடவை மறுத்ததற்கு இது காரணம் இல்லை. மறுத்ததால் கிடைத்த அவகாசத்தில் கண்ணில் பட்டது.

மூணு கட்டம்னா மூணு அனுமதியா, ஒண்ணே போதுமா?

மூன்று தனி முடிவு. ஒவ்வொன்றுக்கும் ரிஸ்க் வேறு, ரோல்பேக் வேறு. இதில் எல்லோரும் சறுக்கும் இடம் கடைசிக் கட்டம். டீம் அதற்கு “சுத்தம் செய்யும் வேலை, குறைவு” என்று போட்டிருந்தது. யோசித்துப் பாருங்கள், மூன்றில் திரும்பி வரவே முடியாதது அது ஒன்றுதான். பழைய காலத்தை நீக்கியபின் பெயர் மாற்றிப் பின்வாங்கும் வழி போய்விட்டது. கூட்டம் அதன் பாதிப்பை 2-லிருந்து 5 ஆக்கியது. வாய்ப்பு 1-லேயே இருந்தது, பெருக்கினால் 5, முத்திரை இன்னும் “குறைவு”தான். எண்களைத் தனித்தனியாக எழுதச் சொன்னேனே, அது இதற்குத்தான். மினிட்ஸில் “ரோல்பேக் இல்லை, முன்னோக்கிச் சரிசெய்வது மட்டுமே” என்று பச்சையாக எழுதினோம்.

ரோல்பேக் பிளானுக்கும் காலாவதி தேதி உண்டுன்னு சொன்னாங்க. புரியலை.

அதே கதையில் இருக்கிறது. எதிர்த்திசை டிரிகர் புதிய மதிப்பைப் பழைய `integer` காலத்தில் எழுதுகிறது. சீக்வென்ஸின் எல்லையை மட்டும் முன்பே உயர்த்தியிருந்தாலும், `id` 214.7 கோடியைத் தாண்டும் நொடியில் அந்த மதிப்பு அங்கே அடங்காது. டிரிகர் பிழை எறியும், பதிவே விழாது. நம்மைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடே சேவையை நிறுத்தும். அதனால் “எல்லைக்கு 30 நாள் முன்பாவது மூன்றாம் கட்டம் முடிந்திருக்க வேண்டும்” என்பதை நிபந்தனையாக எழுதினோம்.

மற்ற மாற்றங்களிலும் இப்படி ஒரு கோடு இருக்கும். புதிய வடிவில் முதல் தகவல் வெளியே போன நிமிடம், பழைய சான்றிதழ் காலாவதியாகும் நாள், பழைய சர்வரைத் திருப்பிக் கொடுக்கும் தேதி. அந்தக் கோட்டுக்கு முன் என்ன ரோல்பேக், பின் என்ன ரோல்பேக் என்று இரண்டு வரி இருந்தால்தான் திட்டம் முழுமை.

ராத்திரி எப்போ “போதும், திரும்பு”ன்னு சொல்லணும்? அங்க இருக்கறவங்க முடிவு பண்ணிக்க மாட்டாங்களா?

விட்டால் பண்ண மாட்டார்கள். நள்ளிரவில் எல்லோருக்கும் “இன்னும் அஞ்சே நிமிஷம்” என்றுதான் தோன்றும். எனவே பகலில், கூட்டத்தில், கடிகாரத்தைப் பின்னோக்கி எண்ணி ஒரு நேரத்தை எழுதிவிட வேண்டும். சாளரம் முடிவது 04:00. ரோல்பேக்குக்குப் பின் சரிபார்க்க 30 நிமிடம் வேண்டும், அப்படியானால் 03:30. ரோல்பேக் நகலில் 10 நிமிடம் ஆனது, புரொடக்‌ஷனில் இரட்டிப்பு என்று வைத்து 20. ஆக 03:10.

மினிட்ஸில் இப்படி இருந்தது: “03:10-க்கு எல்லாச் சோதனைகளும் தேறியிருக்காவிட்டால் பின்வாங்க வேண்டும். முடிவு சொல்பவர் அன்றிரவின் மாற்றப் பொறுப்பாளர், மாற்றத்தைச் செய்பவர் அல்ல.” கடைசிச் சொற்கள் முக்கியம். கை வைத்தவருக்குக் கைவிட மனம் வராது, அது மனித இயல்பு.

ரோல்பேக் பண்ணிட்டா எல்லாம் பழையபடி ஆயிடும்தானே?

பழைய நிலை என்ன என்பது சரியாகத் தெரிந்தால் மட்டும். 2012 ஆகஸ்ட் 1-ல் அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனமான நைட் கேப்பிடலுக்கு நடந்தது இந்தத் துறையில் எல்லோரும் படிக்க வேண்டிய ஒன்று. புதிய நிரலை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டும், ஏற்றியது 7-ல். எட்டாவதில் பல வருடம் பயன்படுத்தாத பழைய நிரல் கிடந்தது. புதிய வசதியை இயக்க அவர்கள் பயன்படுத்திய குறியீடு, அந்தப் பழைய நிரலை முன்பு இயக்கிய அதே குறியீடு. சந்தை திறந்ததும் எட்டாவது சர்வர் கண்டபடி ஆர்டர்களை அனுப்ப ஆரம்பித்தது.

நடுவில் அவர்கள் செய்தது ரோல்பேக். சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்து புதிய நிரலை நீக்கினார்கள். குறியீடு அப்படியே வந்துகொண்டிருந்தது, ஆகவே அந்த ஏழிலும் பழைய நிரல் விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ரோல்பேக் என்றால் நிரலை மட்டும் திருப்புவதா, அதைத் தூண்டும் அமைப்புகளையும் உள்ளே வரும் தகவலையும் சேர்த்துத் திருப்புவதா என்று கூட்டத்தில் கேட்டு, பதிலை எழுதிவையுங்கள். எல்லா சர்வர்களிலும் ஒரே பதிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் படி ஏற்றும்போதும் வேண்டும், திருப்பும்போதும் வேண்டும்.

“நிபந்தனையோட அனுமதி”ன்னா அனுமதியா இல்லையா?

நிபந்தனை நிறைவேறும்வரை இல்லை. அதை யார், எப்போது சரிபார்த்து மூடினார் என்பது பதிவாக வேண்டும். எங்கள் கதையில் நிபந்தனை: ரிப்போர்ட் டேட்டாபேஸில் உள்ள நகல் காலமும் `integer`, எனவே மூன்றாம் கட்டத்துக்கு முன் ரிப்போர்ட் டீம் அதை `bigint` ஆக்கி, பெரிய எண் ஒன்றைச் செலுத்திச் சோதித்துக் காட்ட வேண்டும். பொறுப்பு, தேதி இரண்டும் இருந்தன.

“போதுமான சோதனை செய்யப்பட வேண்டும்” போன்றவற்றை நிபந்தனை என்று எழுதாதீர்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாதது நிபந்தனை ஆகாது. ஒரு மாற்றத்துக்கு நான்கு ஐந்து நிபந்தனை சேர்ந்துவிட்டால் அது தயாராகவே இல்லை என்று அர்த்தம், ஒத்திவைப்பதே மரியாதை.

ஒத்திவைக்கறதுக்கும் மறுக்கறதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் இன்னைக்கு இல்லைதானே?

ஒத்திவைப்பு என்றால் திட்டம் சரி, நேரமோ ஒரு தகவலோதான் சரியில்லை. அதே திட்டம் அடுத்த கூட்டத்துக்கு வரும். மறுப்பு என்றால் திட்டமே மாற வேண்டும். ரிஜெக்ட் என்ற சொல் கசக்கும் என்று எல்லாவற்றையும் “ஒத்திவைப்பு” என்று எழுதும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படி எழுதினால் டீம் அதே திட்டத்தைத் தேதி மட்டும் மாற்றிக் கொண்டுவரும், குற்றம் அவர்களுடையது இல்லை.

மாற்றத்தைக் கொண்டுவந்தவரே கேப் உறுப்பினரா இருந்தா?

விளக்கலாம், அனுமதிக்கக் கூடாது. “முடிவிலிருந்து விலகினார்” என்று ஒரு வரி போதும்.

ராத்திரி ரெண்டு மணிக்கு போன்லயே அனுமதி வாங்கிச் செஞ்சுட்டோம். மினிட்ஸை எப்படி எழுதறது?

நடந்ததை நடந்த நேரத்தோடு. கூட்டத்தில் அனுமதித்தது போல முன்தேதியிட்டு எழுதவே கூடாது. எமர்ஜென்சிக்கு இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழு முடிவெடுக்கலாம், அதற்குத்தான் அந்த ஏற்பாடு. எழுத வேண்டியது: எத்தனை மணிக்கு யாரைக் கேட்டார்கள், அவருக்கு என்ன சொன்னார்கள், அவர் என்ன சொன்னார், என்ன செய்யப்பட்டது, எந்தச் சோதனை விடுபட்டது. அடுத்த கேப்பில் இதை “அனுமதி” என்று இல்லாமல் “பின்னாய்வு” என்ற தலைப்பில் வையுங்கள்.

பின்னாய்வில் நான் தவறாமல் கேட்பது ஒன்று: இது முன்பே தெரிந்திருந்ததா? `txn_log` விஷயத்தை 138-வது நாள்வரை விட்டிருந்தால் அதுவும் ஒரு எமர்ஜென்சியாக வந்து நின்றிருக்கும்.

மினிட்ஸ் அனுப்பின பிறகு “ரிஸ்கை மட்டும் மாத்திடுங்க”ன்னு மேலிருந்து சொல்றாங்க. என்ன பண்றது?

எழுத்துப்பிழை, தவறான எண் என்றால் திருத்தி, திருத்தியதைக் குறித்து மறுபடி அனுப்புங்கள். கூட்டத்தின் முடிவையே மாற்றச் சொன்னால், “அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன்” என்பதுதான் பதில். முரட்டுத்தனமாகச் சொல்ல வேண்டியதில்லை. மினிட்ஸைக் கூட்டம் முடிந்த அன்றே அனுப்பிவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். நினைவு தேயத் தேயத்தான் பேரம் தொடங்கும்.

ஆடிட்டர் மினிட்ஸ்ல எதைப் பார்ப்பார்?

பலர் நினைப்பது போல மினிட்ஸிலிருந்து அவர் ஆரம்பிப்பதில்லை. புரொடக்‌ஷனில் உண்மையில் ஏறிய மாற்றங்களின் பட்டியலை சிஸ்டத்திலிருந்தே எடுத்து, அதிலிருந்து சிலவற்றைப் பொறுக்கி, பின்னோக்கி வருவார். இதற்கு அனுமதி எங்கே? அனுமதி நேரம் ஏற்றிய நேரத்துக்கு முந்தையதா? எழுதியவரும், அனுமதித்தவரும், ஏற்றியவரும் ஒரே ஆளா? மினிட்ஸில் இருப்பதெல்லாம் அழகாக இருந்தும், மினிட்ஸுக்கு வராமலே ஏறிய ஒன்று அவர் கையில் சிக்கினால் அதுதான் அறிக்கையில் வரும். ஆகவே மாதம் ஒருமுறை நாமே அதே திசையில் பார்த்துவிடுவது நல்லது.

அனுமதிச்சது தோத்துப்போனா மினிட்ஸை எடுத்து யார் பேர்னு தேடறாங்களே?

தேடுவார்கள். அதனால்தான் முடிவைக் கூட்டத்தின் முடிவாக எழுதுகிறேன், “இன்னார் சம்மதித்தார்” என்று எழுதுவதில்லை. மாற்றுக் கருத்து சொன்னவர் பதியச் சொன்னால் மட்டும் பெயரோடு பதிவேன். அனுமதி என்பது தவறே நடக்காது என்ற உறுதிமொழி கிடையாது. என்ன தெரிந்திருந்தது, தவறினால் என்ன செய்வதாக ஒப்புக்கொண்டோம் என்பதே அதில் இருக்கும். தோற்ற மாற்றம் சாளரத்துக்குள், எழுதிய நேரத்தில், எழுதியபடி பின்வாங்கப்பட்டிருந்தால் பின்னாய்வில் அதை “தோல்வி” என்று மட்டும் எழுதாமல், “மாற்றம் தோல்வி, ரோல்பேக் வெற்றி” என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

அந்த டேபிள் கதை கடைசில என்ன ஆச்சு?

இரண்டாம் கட்டத்து இரவு 01:05-க்கு முதல் முயற்சி. டேபிளைப் பூட்டக் காத்திருக்க `lock_timeout` கொடுத்த 5 விநாடி முடிந்து தானே விலகியது. 01:15-க்கு இரண்டாவது, அதுவும் அப்படியே. தேடியதில் யாரோ பகலில் தொடங்கிய ஒரு ரிப்போர்ட் வினவல் அந்த டேபிளை இன்னும் படித்துக்கொண்டிருந்தது. அந்த 5 விநாடி வரம்பு இல்லாமல் போயிருந்தால் நம் கட்டளை பூட்டுக்காகக் காத்திருக்கும், அதன் பின்னால் வரும் ஒவ்வொரு வினவலும் வரிசையில் நிற்கும், பார்ப்பவர்களுக்கு சேவை நின்றது போலவே தெரிந்திருக்கும். கூட்டத்தில் மூன்று முயற்சிக்குத்தான் அனுமதி. பொறுப்பாளர் ரிப்போர்ட் டீமை எழுப்பி, சம்மதம் வாங்கி, அந்த வினவலை நிறுத்தினார். 01:40-க்கு மூன்றாவது முயற்சி, ஒரு விநாடிக்குள் முடிந்தது. சோதனைகள் 02:35-க்குத் தேறின.

மூன்றாம் கட்டம் 14 நாளில் நடக்கவில்லை, 23 நாள் ஆனது. ரிப்போர்ட் டீமின் நிபந்தனை தாமதம். எல்லைக்கு இன்னும் நாள் இருந்ததால் கூட்டம் தேதியைத் தள்ளிக்கொடுத்தது. பின்னாய்வில் ஒரே ஒரு நடவடிக்கைதான் எழுதினேன்: சாளரத்துக்கு அரை மணி முன்பே டேபிளைப் பிடித்திருக்கும் நீண்ட வினவல்களைப் பார்ப்பது இனி எல்லா டேட்டாபேஸ் மாற்றத்துக்கும் முதல் படி.